கிரயப் பத்திரத்தின் பக்கங்களை அடுக்க பிரிவ்யூவா, பிடிஎஃப் அரேஞ்சரா?

கும்பகோணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எங்கள் நஞ்சை நிலத்தின் கிரயப் பத்திரத்தை ஸ்கேன் செய்து வாங்கினேன். பத்திரம் ஆறு தாள். கோப்பிலோ பதின்மூன்று பக்கங்கள். முன்பக்கங்கள் ஆறையும் முதலில் ஓட்டிவிட்டு, கட்டை அப்படியே புரட்டிப் பின்பக்கங்களை ஓட்டியிருந்ததால், ஏழாம் பக்கத்தில் ஆறாம் தாளின் முதுகும், பன்னிரண்டாம் பக்கத்தில் முதல் தாளின் முதுகும் இருந்தன. பதின்மூன்றாவது, முன்பு ஓட்டிய யாருடைய ஆதார் நகலோ. சென்னையில் உள்ள வழக்கறிஞருக்கு இதை அப்படியே அனுப்ப இயலாது.

மேக் கணினியில் பிரிவ்யூவே போதும். `View` பட்டியலில் `Thumbnails` என்பதைத் தேர்ந்தால் சிறுபடங்கள் ஓரத்தில் வரிசையாக நிற்கும். இழுத்து இடம் மாற்றலாம், `Delete` விசையால் நீக்கலாம். ஆறாம் தாளின் முதுகு தானாகவே தன் இடத்தில் இருப்பதால், மற்ற ஐந்தை மட்டும் இழுத்தால் வேலை முடிகிறது. ஆனால் பிரிவ்யூ மாற்றங்களைத் தானே சேமித்துக்கொள்ளும். எனவே தொடங்கும் முன்பே `File` பட்டியலில் `Duplicate` கொடுத்து, நகலில்தான் கை வைக்க வேண்டும்.

விண்டோஸிலும் லினக்ஸிலும் இலவசமாகக் கிடைக்கும் பிடிஎஃப் அரேஞ்சரில், நாமாகச் சேமிக்கச் சொல்லும்வரை மூலக் கோப்பு மாறாது. வேறு பெயரில் சேமித்தால் மூலம் பத்திரமாக இருக்கும். இருபது, முப்பது தாள் உள்ள பத்திரமென்றால் நான் இதையே தேர்வேன். பின்பக்கங்களை மொத்தமாகத் தேர்ந்து `Reverse Order` கொடுத்து வரிசையைத் திருப்பி, வெட்டி, முன்பக்கங்களுக்கு இடையே ஒன்றுவிட்டு ஒன்றாக ஒட்டும் வசதி அதில் இருக்கிறது. இலவச அக்ரோபேட் ரீடரில் சிறுபடங்களைப் பார்க்கலாமே தவிர, அடுக்கவோ நீக்கவோ கட்டணப் பதிப்பு வேண்டும். உலாவியில் ஏற்றி அடுக்கித் தரும் தளங்களுக்கு, ஆதார் எண்ணும் கைரேகையும் உள்ள பத்திரத்தை நான் கொடுக்கவே மாட்டேன்.

எந்தச் செயலியானாலும், நீக்கும்போதுதான் பெரும் பிழை நேர்கிறது. நாலாம் தாளின் முதுகு சிறுபடத்தில் வெற்றுத்தாளாகவே தெரிந்ததால் அதை நீக்கப் போனேன். பெரிதாக்கியபோது, மங்கிய ஊதா மையில் சார்பதிவாளர் அலுவலக முத்திரையும், ஆவண எண்ணும், மொத்தத் தாள்களில் இது எத்தனையாவது என்ற குறிப்பும் தெரிந்தன. அந்தக் குறிப்பைப் படித்துத்தான் மற்ற பக்கங்களின் வரிசையையும் சரிபார்த்தேன். பிடிஎஃப் அரேஞ்சரில் `Ctrl` விசையை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் சிறுபடங்கள் அங்கேயே பெரிதாகின்றன. பிரிவ்யூவில் அந்தப் பக்கத்தைச் சொடுக்கினால் முழு அளவில் வருகிறது.

இணையத்தில் பெற்ற, மின் கையொப்பமிட்ட வில்லங்கச் சான்றிதழை மட்டும் இந்தக் கோப்போடு சேர்த்து அடுக்க வேண்டாம். பக்கங்களைக் கலைத்துச் சேமித்தால் கையொப்பம் செல்லாததாகிவிடும் என்பதால், அதைப் பதிவிறக்கிய நிலையிலேயே தனிக் கோப்பாக இணைத்தேன்.