பெட்டியில் பத்தாயிரம், கையில் அரைப்பக்கச் சீட்டு: சில்லறைச் செலவுக் கணக்கு அனுபவம்

திருப்பூரில் ஒரு சிறிய பனியன் தையல் நிறுவனத்தில் கணக்கு என் பொறுப்பு. சாயப்பட்டறைக்குப் போகும் டெம்போ வாடகை, ஏற்று இறக்கு கூலி, பவர் டேபிளுக்கு ஊசி, கூரியர், டீ என்று சில்லறைச் செலவு நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும். 2019 முதல் இதற்கு ஒரே முறையைத்தான் பயன்படுத்தி வருகிறோம். பெட்டிக்கு ரூ.10,000 என்று ஒரு நிலையான தொகை. எந்த நேரத்தில் எண்ணினாலும், பெட்டியில் உள்ள ரொக்கம், செலவுச் சீட்டுகள், இன்னும் தீர்க்காத அட்வான்ஸ் சீட்டுகள் மூன்றையும் கூட்டினால் அந்தப் பத்தாயிரம் வர வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும், செலவான தொகையை மட்டும் வங்கியிலிருந்து எடுத்துப் பெட்டியை நிரப்புவோம்.

பத்தாயிரம் என்ற தொகை சும்மா வந்ததல்ல. எங்கள் சாதாரண வாரச் செலவு ஆறாயிரம், ஏழாயிரம். அதற்கு மேல் சில நாள் இழுத்துப்பிடிக்கக் கொஞ்சம் கூடுதல். பெட்டித் தொகையைத் தாராளமாக வைத்தால் நிரப்பும் நாள் தள்ளிப் போகும். அப்படித் தள்ளிப் போனால் சீட்டுகளை யாரும் பார்ப்பதில்லை, பழைய செலவு எதற்கு என்று கேட்டாலும் எவருக்கும் நினைவிருக்காது.

சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் கடையில் விற்கும் வவுச்சர் புத்தகத்தைத்தான் வாங்கினோம். அதில் கணக்குத் தலைப்பு எழுத ஒரு கோடு இருக்கும். ஒரே டெம்போ வாடகையை ஒருவர் ‘போக்குவரத்து’ என்பார், இன்னொருவர் ‘வண்டி’ என்பார், மூன்றாமவர் ‘இதர செலவு’ என்று முடித்துவிடுவார். இப்போது நாங்களே அச்சடிக்கும் அரைப்பக்கச் சீட்டில் ஆறு கட்டங்கள் உண்டு: கூலி, வண்டி வாடகை, டீ, கூரியர், எழுதுபொருள், பராமரிப்பு. ஒன்றில் டிக் செய்தால் போதும். ‘இதர’ என்று ஒரு கட்டம் வேண்டுமென்றே இல்லை. இருந்தால் பாதிச் சீட்டுகள் அங்கேதான் போய் விழும். ஆறிலும் அடங்காத செலவு வந்தால் என்னிடம் கேட்டுவிட்டு எழுத வேண்டும். அது அரிதாகவே வருகிறது.

மற்றபடி தொடர் எண், தேதி, எண்ணாலும் எழுத்தாலும் தொகை, பெற்றவர் கையெழுத்து, அனுமதித்தவர் கையெழுத்து. அதற்குக் கீழே ‘பில் இல்லை, காரணம்’ என்று ஒரு வரி. என் அனுபவத்தில் சீட்டிலேயே மிகவும் பயனுள்ள வரி இதுதான். எல்லாச் செலவுக்கும் பில் கேட்கும் அலுவலகத்தில் பில் வரத்தான் செய்யும்; எப்படி வரும் என்பதுதான் சிக்கல். லோடுமேன் பில் தரமாட்டார். உடனே கடையில் ஒரு வெற்று பில் புத்தகம் வாங்கி, அலுவலகப் பையனே எழுதிக் கொண்டுவருவான். அந்தப் பொய்க் காகிதத்தைவிட ‘இரண்டு லோடுமேன், நாற்பது பண்டல், பில் கிடையாது’ என்ற நேர்மையான வரி எனக்கு மேல். பில் இல்லாத சீட்டுகள் வழக்கத்துக்கு மேல் கூடுகிறதா, ஒரே ஆளிடமிருந்து வருகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். பில் இருந்தால் பில்லின் மீதும் சீட்டின் மீதும் சேர்ந்து படும்படி ‘பணம் கொடுக்கப்பட்டது’ முத்திரை விழும். பிறகு அதே பில் இன்னொரு சீட்டில் ஏறி வர முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமைக் கணக்கைச் சொல்கிறேன். பெட்டியில் ரொக்கம் ரூ.2,340. சீட்டுகளின் கூட்டல் ரூ.6,910. சாயப்பட்டறைக்குப் போன மேற்பார்வையாளர் கொடுத்த அட்வான்ஸ் சீட்டு ரூ.700. மொத்தம் ரூ.9,950, ஐம்பது ரூபாய் குறைகிறது. பில்லையும் சீட்டையும் ஒன்றுக்கொன்று வைத்துப் பார்த்ததில் கூரியர் பில் ரூ.190, சீட்டில் எழுதியது ரூ.140. திருத்திய பிறகு சீட்டுகள் ரூ.6,960 ஆயின, பத்தாயிரம் சரியாக வந்தது. ஒரு வாரச் சீட்டுகளுக்குள் தேடியதால் சீக்கிரம் கிடைத்தது; ஒரு வருடக் கட்டில் தேடியிருந்தால் ஐம்பது ரூபாய்க்காக ஒரு நாள் போயிருக்கும்.

நிரப்பும்போது எடுத்தது ரூ.6,960 மட்டுமே. பெட்டியில் குறைவது ரூ.7,660 ஆயிற்றே என்று காசாளர் கேட்டார். ஆனால் அட்வான்ஸ் 700 இன்னும் செலவாகவில்லை, வெளியே கையில் இருக்கும் பணம் அது. அதற்கும் சேர்த்து நிரப்பிவிட்டால் அதைத் திரும்பக் கேட்கும் அவசரமே யாருக்கும் இருக்காது. நிரப்பாமல் விட்டால் பெட்டி வறளும், காசாளரே போய் மேற்பார்வையாளரைப் பிடித்துக் கணக்கை முடித்துவிடுவார். சில்லறைப் பணம் கரைவது பெரும்பாலும் அட்வான்ஸில்தான் என்பதால், பழைய அட்வான்ஸ் தீராமல் அதே ஆளுக்குப் புதியது கிடையாது என்பதில் மட்டும் நாங்கள் கறார்.

இதில் எழுத்துவேலை எவ்வளவு என்றால், டேலியில் வாரத்துக்கு ஒரே பதிவு: வங்கியிலிருந்து ரூ.6,960, எதிரே ஆறு தலைப்புகள். பெட்டிக் கணக்கு எப்போதும் பத்தாயிரத்திலேயே நிற்கும். சீட்டுகளை ஒன்றொன்றாக ஏற்றுவதில்லை, கட்டாகக் கட்டி வைக்கிறோம். மார்ச் 31 மட்டும் என்ன கிழமையானாலும் நிரப்பியாக வேண்டும். இல்லையென்றால் கடைசி வாரச் செலவு அடுத்த நிதியாண்டில் போய் உட்காரும்.

வரம்புகளில்தான் சறுக்கல் வந்தது. ரூ.500 வரை காசாளரே கொடுக்கலாம், ரூ.2,000 வரை முன் அனுமதி வேண்டும், அதற்கு மேல் வங்கி வழிதான் என்று விதி. சில மாதங்களிலேயே ரூ.900 டெம்போ வாடகை, அடுத்தடுத்த எண்களில் இரண்டு ரூ.450 சீட்டுகளாக வரத் தொடங்கியது. வரம்பு ஒரு சீட்டுக்கு அல்ல, ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு என்று மாற்றினோம். வருமானவரிச் சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது: ஒரே நாளில் ஒருவருக்கு ரொக்கமாகக் கொடுத்தது ரூ.10,000-ஐத் தாண்டினால், எத்தனை சீட்டாகப் பிரித்தாலும், பொதுவாக அதைத் தொழில் செலவாகக் கழிக்க முடியாது.

ஜிபே வந்த பிறகு முறை கொஞ்சம் திணறியது உண்மை. ஊழியர் தன் போனிலிருந்து கட்டிவிட்டுப் பெட்டியிலிருந்து பணம் கேட்கிறார், ஆதாரம் ஒரு ஸ்கிரீன்ஷாட். அதே படத்தை அடுத்த வாரமும் காட்டலாம். யுபிஐ பரிவர்த்தனை எண்ணுக்குப் பன்னிரண்டு இலக்கம். அதில் கடைசி நான்கைச் சீட்டில் எழுத வைத்தோம். ஒரே நான்கு இலக்கம் மறுபடி கண்ணில் பட்டால் பழைய கட்டை எடுத்துப் பார்க்கிறோம்.

திடீர் சோதனை மாதத்தில் ஒரு தடவையாவது உண்டு. பணத்தை எண்ணுவது காசாளர்தான், நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன், இருவரும் கையெழுத்திடுவோம். நான் வாங்கி எண்ணினால், குறைந்த நோட்டுக்கு யார் பொறுப்பு என்று பிறகு பேச்சு வரும். கூடுதலாக வந்தாலும் குறைவைப் போலவே காரணம் எழுத வேண்டும். கூடுதல் என்றால் பெரும்பாலும் யாருக்கோ கொடுக்க வேண்டிய மீதி கொடுக்கப்படவில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் பத்தாயிரம் போதாது. அப்போது ரூ.20,000 ஆக்குகிறோம், எந்தத் தேதியில் பழைய தொகைக்குத் திரும்பும் என்று முதலாளி எழுதிக் கையெழுத்திட்ட பிறகே. ஒரு வருடம் தேதி எழுதாமல் விட்டதில், பொங்கல் வரை இருபதாயிரமாகவே இருந்தது.