கவராயத்தை எவ்வளவு விரிப்பது: மையக்குத்துக்கோடும் கோண இருசமவெட்டியும்

பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் மகள் ஜியோமெட்ரி பாக்ஸும் நோட்டுமாக வந்து உட்கார்ந்தாள். முக்கோணத்தின் மூன்று மையக்குத்துக்கோடுகளும் ஒரே புள்ளியில் சேர வேண்டும். அவள் வரைந்ததில் சேரவில்லை. நடுவில் குட்டியாக ஒரு முக்கோணம் விழுந்திருந்தது. "பாதிக்கு மேல விரிக்கணும்னு சொன்னாங்க சித்தி, விரிச்சேன்லா" என்றாள்.

விரித்துத்தான் இருந்தாள். பாதிக்கு மேல் எவ்வளவு என்பதுதான் கேள்வி. பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, 8 செ.மீ. நீளத்தில் AB என்ற கோட்டுத்துண்டை மூன்று இடத்தில் வரைந்தோம். ஒவ்வொன்றிலும் ஒரே வேலைதான். முதல் படத்தில் A-யில் முள்ளை ஊன்றி மேலும் கீழும் வில். இரண்டாம் படத்தில் விரிப்பை மாற்றாமல் B-யில் ஊன்றி, முதல் விற்களை வெட்டும்படி இரண்டு வில். மூன்றாம் படத்தில் வெட்டும் இரண்டு புள்ளிகளையும் அளவுகோல் வைத்துச் சேர்ப்பது. ஆரம் மட்டும் 4.2, 6, 8 செ.மீ. என்று மாறியது.

4.2-இல் வெட்டும் புள்ளிகள் கோட்டை ஒட்டியே விழுந்தன. இரண்டுக்கும் நடுவே சுமார் இரண்டரை செ.மீ.தான். அந்தக் குட்டை இடைவெளியை நம்பி அளவுகோலை வைத்தால், ஒரு புள்ளி பக்கவாட்டில் அரை மி.மீ. பிசகினாலும் 10 செ.மீ. தள்ளிப் போகும்போது கோடு 2 மி.மீ. விலகிவிடும். அவளுடையது விரிகோண முக்கோணம். சுற்றுவட்ட மையம் வெளியே தள்ளி விழுவதால் கோடுகளை நீட்டத்தான் வேண்டும். குட்டி முக்கோணம் வந்தது அதனால்தான்.

8-க்குப் போனால் புள்ளிகள் கிட்டத்தட்ட 14 செ.மீ. இடைவெளியில் விழுகின்றன, கோடு சாயாது. ஆனால் பெரிய விற்கள் மேலே படுத்தாற்போல வந்து ஒன்றையொன்று வெட்டுகின்றன. பென்சில் கோடு அரை மி.மீ. தடிமன் என்றால், வெட்டும் இடம் பக்கவாட்டில் ஒரு மி.மீ. அகலத்துக்குப் பரவிவிடும். எந்த இடத்தைப் புள்ளி என்று எடுப்பது? இன்னொரு தொல்லையும் உண்டு. கவராயத்தின் திருகு தளர்ந்து, A-யிலிருந்து B-க்குப் போவதற்குள் கால் 1 மி.மீ. அகன்றுவிட்டால் கோடு நடுவிலிருந்து 1 மி.மீ. நகரும். 4.2-இல் அதே தவறுக்கு அரை மி.மீ.தான் நகரும்.

6 செ.மீ. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. புள்ளிகளின் இடைவெளி ஏறக்குறைய 9 செ.மீ., விற்கள் செங்கோணத்துக்குப் பக்கமாக வெட்டிக்கொள்வதால் புள்ளி பளிச்சென்று தெரிகிறது. திருகு வழுக்கினால் முக்கால் மி.மீ. போகும், அது பரவாயில்லை. என் கணக்கு இதுதான்: கோட்டின் நீளத்தில் முக்கால் பங்கு.

சரி, கோண இருசமவெட்டிக்கு? அங்கே பலர் செய்கிற சுருக்குவழி, உச்சியிலிருந்து வில் போட்ட அதே விரிப்பை மாற்றாமலே மீதி இரண்டு வில்லையும் போடுவது. மறுபடி விரிக்க வேண்டாம் என்பது வசதிதான். அப்படி வரைந்தால் சாய்சதுரம் கிடைக்கும், விற்கள் வெட்டும் கோணமும் நாம் எடுத்த கோணமே. 90 டிகிரிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. 40 டிகிரியில்தான் சிக்கல்.

6 செ.மீ. ஆரத்தில் முதல் வில் போட்டால் கைகளில் விழும் P, Q இரண்டுக்கும் இடையே 4.1 செ.மீ. இருக்கும். அதே 6-ஐ வைத்துக்கொண்டால் விற்கள் 11 செ.மீ.க்கு அப்பால் போய், படுத்தபடி வெட்டுகின்றன. புள்ளி பக்கவாட்டில் பென்சில் தடிமனைப்போல மூன்று மடங்கு பரவும். தூரத்தில் விழுந்த லாபம் அதிலேயே போய்விடுகிறது. விரிப்பை 3 செ.மீ.க்குக் குறைத்தால் விற்கள் செங்கோணமாக வெட்டுகின்றன, புள்ளியும் உச்சியிலிருந்து 8 செ.மீ. அளவில் விழுகிறது. 4.1-இல் முக்கால் பங்கு ஏறக்குறைய 3 தானே! இருசமவெட்டி என்பது PQ-வின் மையக்குத்துக்கோடுதான் என்பதால் அதே கணக்கு இங்கேயும் செல்கிறது. இங்கே ஒரு புள்ளி போதும், உச்சி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

அந்த முதல் வில்லைச் சின்னதாகப் போடுவது மட்டும் கூடாது. 2 செ.மீ.யில் போட்டால் P, Q இடையே 1.4 செ.மீ.கூட இருக்காது, முள்முனை பிசகுவதே கோணத்தைக் கெடுத்துவிடும்.

தாளின் அடியில் இடமில்லாமல் கீழ் வில் போட முடியாவிட்டால், இரண்டு வெட்டுகளையும் மேலேயே போடலாம். 8 செ.மீ. கோட்டுக்கு ஒரு முறை 5, மறுமுறை 8.5 செ.மீ. ஆரம் எடுத்தால் புள்ளிகள் 3 செ.மீ., 7.5 செ.மீ. உயரத்தில் விழும். இடைவெளி நாலரை செ.மீ.தான், அதனால் கோட்டை வெகுதூரம் நீட்டாமல் இருப்பது நல்லது.

அக்கா மகள் பென்சிலைச் சீவிக்கொண்டு மூன்று பக்கத்துக்கும் முக்கால் கணக்கில் ஆரம் எடுத்து மறுபடி வரைந்தாள். அந்தக் குட்டி முக்கோணம் பென்சில் புள்ளிக்குள் அடங்கிவிட்டது. அங்கே முள்ளை ஊன்றி வட்டம் போட்டாள். மூன்று முனைகளையும் தொட்டுப் போயிற்று.