மொய் நோட்டை ஷீட்டில் ஏற்றிச் சில வருடங்கள் பயன்படுத்திய அனுபவம்

எங்கள் வீட்டில் இரண்டு மொய் நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று 2003இல் நடந்த அக்கா கல்யாணத்தது, இன்னொன்று 2018இல் என் கல்யாணத்தது. இவை போக, நாங்கள் வெளியே வைத்த மொய்யை அம்மா ஒரு பழைய டைரியில் குறித்து வந்திருக்கிறார். மூன்றையும் கூகுள் ஷீட்டில் ஏற்றி, ஒவ்வொரு பத்திரிகை வரும்போதும் அதைப் பார்த்துத்தான் மொய் வைக்கிறோம். தர்மபுரிப் பக்கம் இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக, இதில் எது உண்மையில் உதவியது என்று எழுதுகிறேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பலரும் ஆளுக்கு ஒரு வரி போட்டு, பக்கத்தில் ‘வந்தது’, ‘போனது’ என்று இரண்டு கட்டம் வைக்கிறார்கள். அடுத்த விசேஷம் வந்ததும் அந்தக் கட்டத்தில் எதை அழித்து எதை எழுதுவது என்ற குழப்பம் வந்துவிடும். மொய் என்பது ஓடிக்கொண்டே இருக்கும் கணக்கு. அதனால் ஒவ்வொரு முறை பணம் கை மாறும்போதும் ஒரு தனி வரி போட வேண்டும். என் ஷீட்டில் ‘பதிவு’ என்று பெயரிட்ட தாளில் A முதல் I வரை உள்ள கட்டங்கள் இவை: தேதி, விசேஷம், வீட்டு எண், சொந்த ஊர், நோட்டில் உள்ளபடி பெயர், தொகை, பொருள், வந்தது அல்லது போனது, நோட்டின் பக்க எண்.

இதில் உயிரான கட்டம் வீட்டு எண். எங்கள் பக்கம் முருகேசன், கோவிந்தசாமி, மாதையன் என்ற பெயர்கள் ஊருக்குப் பலர். பெயரை வைத்துக் கூட்டினால் இரண்டு வீட்டுக் கணக்கு ஒன்றாகிவிடும். 2003 நோட்டில் அப்பா பெயரில் இருக்கும் மொய், 2018இல் மகன் பெயரில் வந்திருக்கும். முன்பு காரிமங்கலம் என்று எழுதியவர் இப்போது பெங்களூருவில் வேலை என்பதால் பெங்களூரு என்று எழுதுகிறார். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவதற்கு முந்தைய நோட்டில் காவேரிப்பட்டணத்துக்காரருக்கும் தர்மபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியும் எந்த வீடு என்று கேட்டு எண் கொடுத்தோம். பெரியவர்கள் நினைவோடு இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். கையெழுத்தைப் படமெடுத்து எழுத்தாக்கும் செயலிகள் எங்கள் நோட்டில் பாதிப் பெயர்களைக் கூடச் சரியாகப் படிக்கவில்லை. படித்திருந்தாலும், அந்த முருகேசன் எந்த வீடு என்று அவற்றுக்குத் தெரியாது.

அண்ணன் தம்பி பாகம் பிரிந்த வீடு என்றால் பழைய எண்ணை மூத்தவர் பக்கம் வைத்து, மற்றவர்களுக்குப் புது எண் கொடுத்தோம். பழைய மொய் யார் தலையில் என்பதை அந்தக் குடும்பத்திலேயே முடிவு செய்திருப்பார்கள். தெரியாவிட்டால் கேட்டுவிடலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை.

அடுத்தது சரிபார்ப்பு. மொய் எழுதுபவர்கள் பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை போட்டிருப்பார்கள். பக்க எண்ணைக் கட்டமாக வைத்திருப்பது இதற்காகத்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஷீட்டின் கூட்டலும் நோட்டின் கூட்டலும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தைப் பாருங்கள். அது 101, 201, 501 என்று ஒரு மொய்த்தொகையாகவே இருந்தால் பெரும்பாலும் ஒரு வரி விட்டுப்போயிருக்கும், அல்லது இருமுறை ஏறியிருக்கும். வித்தியாசம் 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், ஒரு சைபர் கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம், இல்லை இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 501ஐ 51 என்று அடித்தால் வித்தியாசம் 450, 101ஐ 1001 என்று அடித்தால் 900. கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகப் பார்க்கும் வழிதான் இது. கல்யாண அவசரத்தில் நோட்டிலேயே கூட்டல் தப்பியிருப்பதும் உண்டு. வரிகளை இரண்டு பேர் வாசித்துச் சரி என்று உறுதியானால் நோட்டின் கூட்டலை விட்டுவிடலாம்.

இனி திரும்ப வைக்கும் தொகை. இன்னொரு தாளில் வீட்டுக்கு ஒரு வரி போட்டு, A கட்டத்தில் வீட்டு எண் வைத்திருக்கிறேன். B கட்டத்தில் மீதி, C கட்டத்தில் அந்த வீட்டிலிருந்து இதுவரை வந்ததில் பெரிய தொகை:

```
=SUMIFS('பதிவு'!F:F,'பதிவு'!C:C,A2,'பதிவு'!H:H,"வந்தது")-SUMIFS('பதிவு'!F:F,'பதிவு'!C:C,A2,'பதிவு'!H:H,"போனது")
=MAXIFS('பதிவு'!F:F,'பதிவு'!C:C,A2,'பதிவு'!H:H,"வந்தது")
```

கம்பைநல்லூரில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அக்கா கல்யாணத்துக்கு அவர்கள் வைத்தது 201. 2011இல் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் வைத்தது 501. என் கல்யாணத்துக்கு அவர்கள் 1001 வைத்தார்கள். வந்தது 1202, போனது 501, மீதி 701. அதாவது அவர்கள் வைத்த 1001இல் 300 ரூபாய் நாங்கள் கூடுதலாக வைத்திருந்ததற்கு ஈடு, 701தான் புதிது. என் நோட்டை மட்டும் பார்த்திருந்தால் இது தெரியாது. ஆனாலும் அவர்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு 701 வைக்க முடியுமா? “அவங்க ஆயிரத்து ஒண்ணு வெச்சிருக்காங்க, அதுக்குக் கீழ போகக் கூடாது” என்றார் அம்மா. 1501 வைத்தோம். மீதி இப்போது கழித்தல் 800, அது இனி அவர்கள் கணக்கு.

இதனால் B, C இரண்டில் எது பெரியதோ அதைக் குறைந்த அளவாக எடுத்துக்கொண்டு, மேலே எவ்வளவு என்பதை உறவைப் பார்த்து முடிவு செய்கிறோம். மீதி கழித்தலில் இருக்கும்போது மட்டும் இந்த விதி பொருந்தாது. அதே கம்பைநல்லூர் வீட்டில் அடுத்து ஒரு காதுகுத்து வந்தால், எங்கள் வீட்டில் இடையில் விசேஷம் எதுவும் இல்லாத நிலையில், 1001 வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அந்த வரிக்கு நிறம் மாறும்படி வைத்திருக்கிறேன். நிறம் மாறியிருந்தால் ஷீட்டை மூடிவிட்டு வீட்டில் பேசி முடிவு செய்வோம்.

மோதிரம், பாத்திரம், ஆடு இவற்றைப் பொருள் கட்டத்தில் அப்படியே எழுத வேண்டும், தொகைக் கட்டம் காலியாக இருக்கட்டும். 2003இல் போட்ட அரை கிராம் மோதிரத்துக்கு அன்றைய விலையை எழுதினால் திரும்பச் செய்யும்போது மிகக் குறைவாகிவிடும். அரை கிராம் வந்தால் அரை கிராம் போவதுதான் முறை. தாய்மாமன் சீரை நான் இந்த ஷீட்டில் சேர்க்கவே இல்லை, அதை மொய்யோடு கூட்டுவது சரியில்லை என்பது என் எண்ணம்.

இப்போது கைபேசியில் அனுப்பும் மொய்யும் வருகிறது. திரையில் மருமகள் பெயரோ மகன் பெயரோ இருக்கும், மொய் மாமனாருடையதாக இருக்கும். அன்றைக்கே போன் போட்டு யார் பேரில் எழுதுவது என்று கேட்டு, வீட்டு எண்ணோடு ஏற்றிவிடுகிறேன். ஷீட்டைப் பார்க்கும் அனுமதி அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டும் கொடுத்திருக்கிறேன். யார் எவ்வளவு வைத்தார் என்பது மற்ற உறவினர் கண்ணில் படக் கூடாது. மூல நோட்டுகள் இரண்டும் இன்னும் பீரோவில்தான் இருக்கின்றன. தொகையில் சந்தேகம் வந்தால் பக்க எண்ணைப் பார்த்து நோட்டைத்தான் புரட்டுகிறோம்.