டெம்ப்ளேட்டா, கைடா, கோர்ஸா: ஜிஎஸ்டி கணக்கு பாக்குறவங்க எதை வித்தா நல்லது?

சின்ன கடைகளுக்கு மாசாமாசம் ஜிஎஸ்டி ஃபைல் பண்ணி குடுக்குற வேலைல எத்தனை கடைக்கு பாக்குறோமோ அவ்ளோதான் காசு, அதுக்கு மேல போக நேரமும் இல்ல. அதான் தெரிஞ்சத ஒரு பொருளா ஆக்கி விக்கலாம்னு கூகுள் ஷீட்ஸ் டெம்ப்ளேட், பிடிஎஃப் கைடு, ரெக்கார்டட் கோர்ஸ் மூணையும் போட்டு வித்துப் பாத்தேன். என் ஓட்டு டெம்ப்ளேட்டுக்குதான், ஏன்னா அதைப் பராமரிக்கிறது சுலபம்.

விலை, கமிஷன் எல்லாம் சீக்கிரம் பாத்துடலாம். 499 ரூபா டெம்ப்ளேட்ட ரேசர்பே லிங்க்ல வித்தா 2% கட்டணம், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, மொத்தம் 12 ரூபா கிட்ட போகும், மிச்சம் நமக்கு. யூடெமில கோர்ஸ் போட்டா அவங்களே கூட்டிட்டு வர்ற ஆளுக்கு நமக்கு 37%தான், நம்ம கூப்பன் லிங்க்ல வந்தா 97%. ஆள் சேர்க்குற வேலை எப்படியும் நம்மளோடதுதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி ரேட் மாறுச்சுல்ல, ஷாம்பு 18ல இருந்து 5க்கு வந்துச்சு, நெய்யும் வெண்ணெயும் 12ல இருந்து 5க்கு வந்துச்சு. கோர்ஸ்ல "இதுக்கு 12%"னு நான் பேசின வீடியோ ஒவ்வொண்ணும் அன்னைக்கே தப்பாயிடுச்சு, நடுவுல ரெண்டு வாக்கியத்த மட்டும் மாத்தி ஒட்டினா குரல் ஒத்து வராது, மொத்தமா திரும்ப ரெக்கார்ட் பண்ணணும். பிடிஎஃப்ப மாத்துறது ஈஸி, ஆனா பழசு வாங்கினவர் கைல பழசே கிடக்கும்.

டெம்ப்ளேட்ல ரேட்ட ஒரே செல்ல வச்சு 18அ 5ஆ மாத்துனா ஆகஸ்ட்ல போட்ட பில்லும் சேர்ந்து 5% ஆயிடும், அதனால ரேட்ட தேதியோட வைக்கணும். Rates ஷீட்ல A காலம்ல அமலுக்கு வந்த தேதி, B காலம்ல ஷாம்பு ரேட்: 01/07/2017க்கு 28, 15/11/2017க்கு 18, 22/09/2025க்கு 5. தேதி ஏறுவரிசைல இருக்கணும். பில் ஷீட்ல A2ல பில் தேதி இருந்தா:

```
=VLOOKUP(A2, Rates!$A$2:$B, 2, TRUE)
```

கடைசில TRUE இருக்குறதால பில் தேதிக்கு முன்னாடி (இல்ல அதே நாள்ல) அமலுக்கு வந்த கடைசி ரேட்ட எடுத்துக்கும். ஆகஸ்ட் பில்லுக்கு 18, அக்டோபர் பில்லுக்கு 5. நாளைக்கு ரேட் மாறுனா கீழ ஒரு வரி சேர்த்தா போதும்.

வாங்கினவர் Make a copy போட்டதுக்கு அப்புறம் அவர் காப்பிய நம்மளால தொட முடியாதே, அதுக்குதான் IMPORTRANGE. Rates ஷீட்ட மட்டும் நம்ம மாஸ்டர் ஃபைல்ல இருந்து இழுக்க வச்சிடணும், மாஸ்டர லிங்க் இருக்குறவங்க பாக்க மட்டும் முடியுற மாதிரி ஷேர் பண்ணணும். அவங்களுக்கு முதல் தடவ Allow access கேக்கும், அத ஸ்க்ரீன்ஷாட் போட்டு சொல்லிடுங்க. மாஸ்டர்ல கை வச்சா எல்லார் கணக்கும் சேர்ந்து மாறும், அதனால முதல்ல ஒரு காப்பில சோதிச்சுட்டு அப்புறமா மாத்துறதுதான் சரி.

சப்போர்ட் கேள்வி வரும்தான். முக்கியமா தேதி. ஷீட்டோட Locale யுனைடெட் ஸ்டேட்ஸ்னு இருந்தா 22/09/2025 தேதியாவே எடுக்காது, டெக்ஸ்டா செல்லோட இடது பக்கம் ஒட்டிக்கும், #N/A வரும், அது கண்ணுல பட்டுடும். ஆனா அக்டோபர் 5னு நினைச்சு 05/10/2025 அடிச்சா மே 10னு எடுத்துக்கிட்டு எந்த எர்ரரும் காட்டாம 18% போட்டுடும், இதுதான் ஆபத்து. File மெனுல Settings போய் Locale இந்தியான்னு வச்சுட்டு விக்கணும், A காலம்ல இருக்குற தேதிய மாசம் பேரோட தெரியுற மாதிரி ஃபார்மேட் பண்ணிடுங்க, தப்பா எடுத்தா உடனே தெரிஞ்சிடும். எக்சல்ல இறக்கி வேலை பாக்குறவங்களுக்கு IMPORTRANGE ஓடாது, அவங்களுக்கு Rates ஷீட்ல சேர்க்க வேண்டிய புது வரிய மெயில்ல அனுப்புறேன், வேற வழி இல்ல.

கைடு வேண்டவே வேண்டாம்னு சொல்ல வரல. ரேட்டே வராத விஷயத்துக்கு அது நல்லா போகும், மாசம் 14ஆம் தேதி வர்ற GSTR-2Bய பர்சேஸ் பில்லோட எப்படி ஒத்துப் பாக்கணும், சப்ளையர் பில்ல ஏத்தலன்னா என்ன கேக்கணும்ங்கிற மாதிரி. நான் டெம்ப்ளேட்டோடவே சின்னதா ஒண்ணு சேர்த்து குடுக்குறேன்.

ரெக்கார்ட் பண்ணாம லைவா ரெண்டு வார இறுதி கிளாஸ் எடுக்குறவங்க இருக்காங்க, அதுல ரேட் மாறுனாலும் அடுத்த பேட்ச்ல மாத்தி சொல்லிக்கலாம், விலையும் கூட வைக்கலாம். எனக்கு அதுல அனுபவம் கம்மி, ஆனா அது திரும்பவும் நம்ம நேரத்த விக்கிறதுதானேன்னு தோணுது, எடுத்தவங்க இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க.