50 நாள் வட்டியில்லை என்றார்கள். எனக்குக் கிடைத்தது 21

ஆடித் தள்ளுபடியில் 40,000 ரூபாய்க்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கினேன். தேதி ஜூலை 17. கடையிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்த வங்கி ஊழியர், "கிரெடிட் கார்டில் தேய்த்துவிடுங்கள் சார், 50 நாளைக்கு வட்டியே கிடையாது" என்றார். செப்டம்பர் 5 வரை கவலையில்லை என்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வங்கியின் துண்டுப் பிரசுரத்தில் இருந்தது "50 நாட்கள் வரை". அந்த ஊழியர் 'வரை'யை விழுங்கிவிட்டார், நானும் கேட்கவில்லை.

என் கார்டின் பில் தேதி ஒவ்வொரு மாதமும் 18. அதிலிருந்து 20 நாள் கழித்துப் பணம் கட்டவேண்டிய கெடு. ஜூலை 17இல் வாங்கியது மறுநாள் பில்லிலேயே ஏறிவிட்டது. கெடு ஆகஸ்ட் 7. ஆக, எனக்குக் கிடைத்தது 21 நாள்தான். அதே பெட்டியை ஜூலை 19இல் வாங்கியிருந்தால் ஆகஸ்ட் 18 பில்லில் வந்து, கெடு செப்டம்பர் 7 ஆகியிருக்கும். முழுதாக 50 நாள். தள்ளுபடியோ மாதம் முழுக்க ஓடியது.

இதுவரை நடந்தது ஏமாற்றம் மட்டும்தான். பணம் போனது அடுத்த தவறில். பில்லில் 'குறைந்தபட்சத் தொகை 2,000' என்று இருந்தது. இன்னும் நாள் இருக்கிறதே என்று கெடு நாளில் அதை மட்டும் கட்டினேன். ஆகஸ்ட் 9இல் 6,000 ரூபாய்க்கு மளிகையும் வாங்கினேன்.

ஆகஸ்ட் 18 பில்லைப் பார்த்துத் திடுக்கிட்டேன். வட்டி 1,510 ரூபாய். மாதத்துக்கு 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42. பாக்கி வைத்த 38,000க்கு, அதுவும் கெடுவுக்குப் பிறகுதான் வட்டி என்று நினைத்திருந்தேன். அவர்களோ முழு 40,000க்கும் பெட்டி வாங்கிய நாளிலிருந்தே போட்டிருந்தார்கள். அந்த 21 நாளுக்கு மட்டும் 967 ரூபாய். முழுத் தொகையும் கட்டாவிட்டால் வட்டியில்லாச் சலுகை பின்தேதியிட்டுப் பறிபோகுமாம். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் அன்றிலிருந்தே வட்டி. அப்படித்தான் மளிகைக்கும் 62 ரூபாய். வட்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து மொத்தம் 1,781.

ஆகஸ்ட் 20இல் முழுவதையும் அடைத்தேன். அந்த இரண்டு நாளுக்கும் செப்டம்பர் பில்லில் வட்டி வந்தது!

வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியபோது, "விதிமுறைகளில் இருக்கிறது சார்" என்றார்கள். பேச்சோடு பேச்சாக, பில் தேதியை 15க்கு மாற்றச் சொன்னேன். ஒருமுறையாவது மாற்றித்தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இனி என் கெடு 4, 5ஆம் தேதி வாக்கில் வரும்; சம்பளம் வருவது 1ஆம் தேதி.