மஞ்சள் விலை ஃபைலும் ஞாயிற்றுக்கிழமை ஏலமும்: சார்ட்டிலிருந்து டேட்டா எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் நான் ஏமாந்த கதை

இணையத்தில் இருக்கும் சார்ட்டிலிருந்து எண்களை எடுத்து எக்செல் ஃபைலாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பணம் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்கு ₹9,000 போனது. அதைவிட, பொய் எண்களை நம்பி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட இருந்தோம் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஈரோட்டில் மஞ்சள் வாங்கி விற்கும் சிறிய வியாபாரம் எங்களுடையது. மாதம் 40 குவிண்டால் எடுக்கும் ஒரு மசாலா நிறுவனம், 30 நாளைக்கு விலையை மாற்றாமல் தர முடியுமா என்று கேட்டது. அப்படித் தருவதானால் விலை ஒரே நாளில் எவ்வளவு குதிக்கும், ஒரு மாதத்தில் எவ்வளவு ஏறும் என்று பழைய கணக்கைப் பார்த்துத்தான் விலை சொல்ல வேண்டும். ஒரு விலைத் தகவல் தளத்தில் 2019 ஜனவரி 1 முதல் 2023 டிசம்பர் 31 வரை விரலி மஞ்சளின் தினசரி விலை சார்ட்டாக இருந்தது. டவுன்லோட் பட்டன் இல்லை. கோட்டின் மேல் மவுஸை வைத்தால் அன்றைய தேதியும் விலையும் ஒரு சின்னப் பெட்டியில் வரும். டூல்டிப் என்பார்கள். எனக்கு அதை எடுக்கத் தெரியாததால் ஒரு ஃபிரீலான்ஸரிடம் கொடுத்தேன்.

நான்கு நாளில் ஃபைல் வந்தது. 1,826 வரிசை, ஒரு நாள்கூட விடுபடவில்லை. கூடவே ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தார். அவருடைய புரோகிராம் மவுஸை சார்ட்டின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒவ்வொரு பிக்சலாக நகர்த்த, டூல்டிப் மாறிக்கொண்டே போகிறது. "ஒவ்வொரு நாளும் தனித்தனியா படிச்சிருக்கேன் சார்" என்றார். நம்பிப் பணத்தை அனுப்பிவிட்டேன்.

அந்த ஃபைலில் ஐந்து வருடத்தில் ஒரே நாளில் ஏற்பட்ட மிகப் பெரிய மாற்றம் குவிண்டாலுக்கு ₹210தான். அதை வைத்து, குவிண்டாலுக்கு ₹600 கூடுதலாக வைத்தால் போதும் என்று விலைத்தாள் தயாரித்தேன். அனுப்புவதற்கு முன் எங்கள் கணக்குப்பிள்ளை அய்யாவிடம் காட்டினேன். முப்பது வருடமாக அன்றன்றைய ஏல விலையை நோட்டில் எழுதி வைப்பவர் அவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையை மேலும் கீழும் பார்த்தவர், "ஏனுங் தம்பி, ஞாயித்துக்கிழமை எந்தூர்லைங்க ஏலம் போட்டாங்க?" என்றார்.

நாங்கள் கணக்கு வைக்கும் ஏலம் சனி, ஞாயிறு நடக்காது. ஃபைலிலோ எல்லாச் சனிக்கும் ஞாயிறுக்கும் விலை இருந்தது.

நோட்டை எடுத்து வந்து 2023 ஆகஸ்ட் 7, திங்கட்கிழமை தொடங்கும் வாரத்தை ஒப்பிட்டோம். நோட்டில் திங்கள் 13,400, செவ்வாய் 13,650, புதன் 14,300, வியாழன் 14,900, வெள்ளி 14,250. ஃபைலில் அதே நாட்கள் 14,100, 13,980, 13,860, 13,740, 13,620 என்று இருந்தன. விலை ஏறிய வாரம் ஃபைலில் இறங்குகிறது. வியாழக்கிழமை மட்டும் ₹1,160 வித்தியாசம்.

அய்யா கால்குலேட்டரில் நோட்டின் ஐந்து விலையையும் கூட்டி ஐந்தால் வகுத்தார். சரியாக 14,100. ஃபைலில் திங்கட்கிழமைக்கு இருந்த எண் அதுதான், அதாவது அந்த வாரத்தின் சராசரி. அடுத்த திங்களுக்கு ஃபைலில் 13,260 இருந்தது. இரண்டுக்கும் நடுவே 840 குறைகிறது. ஏழால் வகுத்தால் 120. ஃபைலில் சனி, ஞாயிறு உட்பட ஒவ்வொரு நாளும் அச்சு அசலாக 120 குறைந்துகொண்டே போனது. இரண்டு வாரச் சராசரிகளுக்கு நடுவே நேர்கோடு போட்டு நிரப்பிவிட்டு, அதைத் தினசரி விலை என்று கொடுத்திருக்கிறார்.

உங்களிடம் இப்படி ஒரு ஃபைல் இருந்தால் சோதிப்பது சுலபம். B பத்தியில் விலை இருக்கிறது என்றால் C பத்தியில் முந்தைய நாளோடு உள்ள வித்தியாசத்தைப் போடுங்கள்:

```
=B3-B2
```

ஒரே எண் தொடர்ந்து ஆறேழு முறை வந்து, பிறகு வேறு ஓர் எண் ஏழு முறை வந்தால் அது நிரப்பிய டேட்டா. உண்மையான சந்தை விலை அப்படி நடக்காது. என் ஃபைலில் இன்னொரு தடயமும் இருந்தது. 2023 டிசம்பர் 25 முதல் 31 வரை ஏழு நாளும் ஒரே விலை. அதற்குப் பிறகு கோடு போட அடுத்த திங்கள் இல்லையே.

சரி, சராசரி எங்கிருந்து வந்தது? இதுதான் எனக்கு முதலில் புரியவில்லை. என் கம்ப்யூட்டரில் அதே சார்ட்டின் மேல் மவுஸை வைத்தால் தினசரி விலைதான் வருகிறது. 7ஆம் தேதிக்கு 13,400 என்றே காட்டியது. அப்புறம் அவர் அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். டூல்டிப்பில் தேதிக்கு முன்னால் இரண்டு சொற்கள்: `Week from Monday, 7 Aug 2023`. முதல் தடவை பார்க்கும்போது எண் மாறுவதைத்தான் பார்த்தேன், அந்தச் சொற்களைப் படிக்கவில்லை.

அந்தத் தளம் பயன்படுத்துவது Highcharts Stock என்ற, சார்ட் வரையும் லைப்ரரி. புள்ளிகள் அதிகமாகவும் இடம் குறைவாகவும் இருந்தால் அது தானாகவே பல நாட்களை ஒன்றாகச் சேர்த்துச் சராசரியை வரையும். இதற்கு டேட்டா குரூப்பிங் என்று பெயர். கோட்டு சார்ட்டில் ஒரு குழுவுக்குத் தோராயமாக 2 பிக்சல் அகலம் என்பது அதன் வழக்கமான அமைப்பு, அதற்கு நெருக்கமாக வரும் நாளையோ வாரத்தையோ அது தேர்ந்துகொள்ளும். என் திரையில் சார்ட் 1,100 பிக்சல் அகலம் இருந்ததால் நாட்கள் தனித்தனியாக நின்றன. அவருடைய புரோகிராம் சின்ன ஜன்னலில் ஓடியது. அங்கே சார்ட்டுக்குக் கிடைத்தது சுமார் 480 பிக்சல். அதனால் நாட்கள் வாரங்களாகச் சுருங்கிவிட்டன. ஒரே தளம், ஒரே சார்ட், ஜன்னலின் அகலத்தைப் பொறுத்து டூல்டிப் வேறு எண்ணைச் சொல்கிறது. நான் என் பிரவுசர் ஜன்னலை இழுத்துக் குறுக்கியபோது கண் முன்னாலேயே தினசரி விலை வார விலையாக மாறியது.

குரூப்பிங் இல்லாத சார்ட்டிலும் பிக்சல் பிக்சலாக நகர்த்தும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. 480 பிக்சலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருந்தால் ஒரு பிக்சலுக்குள் இரண்டு மூன்று நாள் அடங்கிவிடும். மவுஸ் அதில் ஒன்றைத்தான் பிடிக்கும், மற்றவை காணாமல் போகும்.

இவ்வளவுக்கும் மவுஸை நகர்த்தவே தேவையில்லை என்று என் மச்சான் வந்து காட்டினார். கோட்டை வரைவதற்கான எண்கள் ஏற்கெனவே பிரவுசருக்குள் வந்து இருக்கின்றன. F12 அழுத்தி கன்சோலில் இதை ஒவ்வொரு வரியாக அடித்தார்:

```
var s = Highcharts.charts[0].series[0];
s.points.length
s.options.data.length
```

ஜன்னலைக் குறுக்கி வைத்திருந்தபோது முதல் எண் 261, இரண்டாவது 1187. ஐந்து வருடத்தில் 261 வாரம். வரையப்பட்ட புள்ளிகள் அவை. 1187 என்பது உண்மையில் ஏலம் நடந்த நாட்கள். அசல் டேட்டா முழுவதும் அங்கேயே இருந்தது. அதை எடுக்க ஒரு வரி போதும்:

```
copy(JSON.stringify(s.options.data))
```

பிறகு நோட்பேடில் பேஸ்ட் செய்தால் தேதியும் விலையும் ஜோடி ஜோடியாக வந்துவிடுகின்றன. `Highcharts is not defined` என்று வந்தால் அந்த லைப்ரரி வெளியே தெரியாதபடி உள்ளே கட்டப்பட்டிருக்கலாம், அல்லது தளம் வேறொன்றைப் பயன்படுத்தலாம். அப்போது F12இல் Network பகுதிக்குப் போய் Fetch/XHR என்பதைத் தேர்ந்து பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். பெரும்பாலும் வருகிற ஃபைல்களில் ஒன்றில் முழு எண்களும் இருக்கும். கேன்வாஸில் வரையும் Chart.js என்றால் `Chart.getChart("கேன்வாஸின் ஐடி").data` என்று கேட்கலாம். கேன்வாஸ் வெறும் படம் போன்றது, அதற்குள் கோடு எண்ணாக இருக்காது. சில தளங்கள் எஸ்விஜி என்ற வகைப் படமாக வரையும், அதில் கோட்டின் ஆயங்கள் இருக்கும். ஆனால் அவை பிக்சல் கணக்கு, அச்சின் அளவை வைத்து விலையாக மாற்றினால் தோராயமாகத்தான் வரும். எனவே இரண்டிலும் அசல் டேட்டாவைத் தேடுவதுதான் முதல் வேலை. சர்வரே வாரச் சராசரியை மட்டும் அனுப்புகிறது என்றால் தினசரி விலையை யாராலும் அதிலிருந்து மீட்க முடியாது. முடியும் என்பவர் கோடு போடப் போகிறார்.

நாங்களே எடுத்த டேட்டாவிலும் ஒரு சறுக்கல் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தேதி `1691346600000` என்ற மாதிரி இருக்கும். 1970 ஜனவரி 1லிருந்து கணக்கிட்ட மில்லி செகண்ட். எக்செலில் மாற்றியபோது திங்கட்கிழமைகள் எல்லாம் ஞாயிறாக வந்தன, வெள்ளிக்கிழமையே இல்லை. கணக்கு கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது, நம் நள்ளிரவு அங்கே முந்தைய நாள் மாலை 6:30. ஐந்தரை மணி நேரத்தைச் சேர்த்ததும் சரியானது:

```
=A2/86400000+25569+5.5/24
```

மறுபடி நோட்டோடு ஒப்பிட்டோம். அய்யா கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தைத் திறந்து பத்து நாட்களைச் சொன்னார், பத்தும் பொருந்தின. 8ஆம் தேதியிலிருந்து 9ஆம் தேதிக்கு 650 ஏறியது இதில் தெரிகிறது. ஒரே நாளில் 210க்கு மேல் மாறியதே இல்லை என்ற ஃபைலை வைத்து ₹600 கூடுதல் போதும் என்று நினைத்திருந்தேன். ஒரே நாளில் அது கரைந்திருக்கும். 40 குவிண்டாலுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஃபிரீலான்ஸரிடம் கேட்டபோது, "சைட்ல அப்படித்தான் சார் காட்டுது, கேப் இருந்தா ஃபில் பண்றது வழக்கம்தான்" என்றார். நிரப்பியது பற்றி ஃபைலில் ஒரு வார்த்தை இல்லை, நிரப்பிய வரிசைக்கு நிறம்கூட இல்லை. வாரச் சராசரிதான் கிடைத்தது என்று சொல்லி 261 வரிசை கொடுத்திருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

இனி யாரிடம் கொடுத்தாலும் எக்செலோடு, தளத்திலிருந்து வந்த அசல் ஜேசன் ஃபைலையும் கேட்டு வாங்குவேன். இல்லாத நாளைக் காலியாக விடச் சொல்வேன். பாதிப் பணம் சோதித்த பிறகுதான்.

இதே ஃபைலை வேறு இரண்டு வியாபாரிகளுக்கும் கொடுத்ததாக அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அந்த இருவரில் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஃபைலில் கடைசி ஏழு வரிசையைப் பாருங்கள். ஏழிலும் ஒரே விலை இருந்தால் எனக்கு எழுதுங்கள், சரியான 1,187 வரிசையை எப்படி எடுப்பது என்று உட்கார்ந்து காட்டுகிறேன்.