தலைக்குள் காடா, நகரமா? ஒரே முகத்தில் மூன்று பின்னணிகள்

பக்கவாட்டில் திரும்பிய முகம். அந்த முகத்துக்குள் மரங்களோ கட்டடங்களோ. இரண்டு படங்களை ஒன்றின் மீது ஒன்றாகப் பதிக்கும் டபுள் எக்ஸ்போஷர் என்றதும் பெரும்பாலோர் மனதில் எழும் படம் இதுதான். செய்து பார்க்க முனைகிறவர்கள் முதலில் கேட்பது எந்த மென்பொருள் நல்லது என்பதை. என் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. இரண்டாம் படத்தின் வானம், முகப் படத்தின் எந்த இடத்தில் போய் விழுகிறது என்பதே முதல் கேள்வி. காட்டுக்கும் நகரத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரே முகப் படத்தை எடுத்துக்கொண்டேன். என் தங்கையின் இடப்பக்க முகம். கூந்தலைக் கொண்டையாக முடித்து, கழுத்தைச் சற்று முன்னே நீட்டி நின்றாள். பின்னால் வெள்ளைச் சுவர். சுவருக்குத் தனி விளக்கு. சுவரிலிருந்து அவளை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தினேன். ஒட்டி நின்றால் சுவரின் வெளிச்சம் திரும்பி வந்து மூக்கின் நுனியையும் உதட்டின் ஓரத்தையும் கரைத்துவிடும். பக்கவாட்டு முகத்தில் அந்த இரண்டு வளைவுகள் போனால் ஆளின் அடையாளமே போய்விடும். முகத்துக்குப் பக்கத்திலிருந்து மெல்லிய ஒளி மட்டும் கொடுத்தேன். கருமை 0, வெண்மை 255 என்ற அளவுகோலில் கூந்தலும் தாடையின் கீழ்ப்பகுதியும் 40 அளவில் இருந்தன. கன்னமேடு 200. சுவர் முழு வெள்ளை, 255.

இந்த மூன்று எண்களும் போதும், மற்றதெல்லாம் இவற்றிலிருந்து பிறக்கிறது. டபுள் எக்ஸ்போஷரில் வெளிச்சம் வெளிச்சத்தோடு கூடுகிறது. ஏற்கெனவே வெள்ளையான இடத்தில் கூடுவதற்கு ஒன்றுமில்லை, அது வெள்ளையாகவே நிற்கும். இருண்ட இடம்தான் காலிப் பாத்திரம். இரண்டாம் படம் அதில்தான் நிறைகிறது. ஃபோட்டோஷாப்பில் இந்த வேலையைச் செய்யும் கலப்பு முறையின் பெயர் Screen. முகப் படத்தில் ஓர் இடத்தின் எண் a, அதன் மீது விழும் இரண்டாம் படத்தின் எண் b என்றால் அதன் கணக்கு இது:

```
255 - (255 - a) * (255 - b) / 255
```

பனி மூடிய ஊசியிலைக் காட்டின் படம் ஒன்றை மேலே வைத்தேன். அதில் மரங்கள் 30, வானம் 240. கூந்தலின் 40 மீது மரம் 65 ஆகவும் வானம் 242 ஆகவும் விழுந்தன. நடுவில் பெரிய இடைவெளி இருப்பதால் ஒவ்வொரு மரமும் தெளிவாகத் தெரிந்தது. கன்னத்தின் 200 மீதோ மரம் 206, வானம் 252. காடு அங்கே ஏறக்குறைய மறைந்து தோல் மட்டும் நின்றது. ஆக, படத்தின் ஒரு பகுதியை மறைக்கும் மாஸ்க் எதையும் வரையாமலேயே காடு கூந்தலில் அடர்ந்து கன்னத்தில் கரைந்துவிட்டது. ஒளியமைப்பு சரியாக இருந்தால் பாதி வேலையை அதுவே முடித்துவிடுகிறது.

இனி மேல்பக்கம். 242 ஆன வானம், 255 சுவரோடு கலந்துவிட்டது. மண்டையின் வளைகோடு காணாமல் போனது. ஆனாலும் படம் கெடவில்லை. மர உச்சிகளின் ஒழுங்கற்ற வரிசை, கொண்டை இருந்த இடத்தில் புதிய எல்லைக் கோடாக நின்றது. கூந்தலின் ஓரம் ஒருபோதும் நேர்கோடாக இருப்பதில்லை. அதனால் பிசிறு பிசிறான அந்த விளிம்பைக் கண் தயங்காமல் கூந்தலாக ஏற்றுக்கொள்கிறது. காட்டுப் படங்கள் இவ்வளவு எளிதாகப் பொருந்துவதற்கு இதுவே காரணம் என்று நம்புகிறேன். இயற்கை, மனம், அமைதி என்று சொல்லப்படும் விளக்கங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எல்லாக் காடும் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். வானமே தெரியாத அடர்ந்த புதரை வைத்துப் பார்த்தேன். அதில் எல்லாமே 90-க்கும் 150-க்கும் நடுவில் கிடந்தன. முகத்துக்குள் மரம் தெரியவில்லை. தோல் நோய் வந்ததுபோல் ஒரு புள்ளிக்கூட்டம்தான் தெரிந்தது. இருண்ட மரமும் வெளுத்த வானமும் தெளிவாகப் பிரிந்த படம் வேண்டும். பனி நாளில் தூரத்திலிருந்து எடுத்த மரவரிசை எனக்கு இதுவரை ஏமாற்றம் தந்ததில்லை.

அடுத்தது பகல் நேர நகரம். ஆற்றின் எதிர்க்கரையிலிருந்து எடுத்த, வானளாவிய கட்டடங்கள் வரிசையாக நிற்கும் படம். எண்கள் காட்டுப் படத்தின் எண்களைப் போலவேதான் இருந்தன. விளைவு வேறாக வந்தது. கட்டடங்கள் தாடையிலும் காதிலும் நன்றாக உட்கார்ந்தன. புருவத்துக்கு மேல் வானம் வந்ததும் நெற்றியும் உச்சியும் மறைந்தன. இம்முறை அந்த இடத்தில் நின்றது தட்டையான கூரைகளின் வரிசை. தலையைக் கத்தியால் சீவியது போலிருந்தது. கூந்தலாக வாசிக்க அங்கே எதுவுமில்லை. இன்னொரு தொல்லை: மற்றவற்றைவிட உயரமான ஒற்றைக் கோபுரம் நெற்றிக்கு மேலே நீட்டிக்கொண்டு கொம்பாகத் தெரிந்தது.

இதற்கு மூன்று வழிகளை முயன்றேன். வானத்தை மட்டும் தேர்ந்தெடுத்து 240-லிருந்து 120-க்கு இறக்கியது முதல் வழி. கூந்தலின் மீது அது 141 ஆக விழுகிறது; 255 சுவருக்கு எதிரே சாம்பல் நிறத்தில் மண்டையின் வளைவு திரும்பி வந்துவிட்டது. பகல் நகரத்தை வைத்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இரண்டாவது, நகரத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கட்டடங்கள் பிடரியிலிருந்து வெளியே முளைப்பது போல் வைப்பது. பார்த்த மாத்திரத்தில் கவரும். ஆனால் நகரத்தை வாசிக்கக் கழுத்தைச் சாய்க்க வேண்டியிருப்பதால் பார்வை முகத்தில் தங்குவதில்லை. மூன்றாவது, கட்டடங்களைப் பெரிதாக்கித் தலை முழுவதையும் நிரப்புவது. அப்படிச் செய்தால் நகரத்தின் வான்கோடே போய்விடுகிறது. வான்கோடு இல்லாவிட்டால் அது வெறும் சன்னல்களின் படம்.

இரவு நகரம் தனி வகை. வானம் 20, விளக்கெரியும் சன்னல்கள் 230. கூந்தலின் மீது வானம் 57, சன்னல்கள் 234. இருண்ட வானம் தலையை அழிப்பதில்லை, காப்பாற்றுகிறது. நெற்றி, உச்சி, பிடரி என்று முழு உருவமும் வெள்ளைச் சுவருக்கு எதிரே கருமையாக நிற்கிறது. உள்ளே ஒளிப்புள்ளிகள் மட்டும் மிதக்கின்றன. பகல் நகரத்தில் மணிக்கணக்காகச் சரிசெய்த சிக்கல் இங்கே எழவே இல்லை. ஆனால் படத்தின் பாரம் கூடிவிடுகிறது. காடு தந்த காற்றோட்டம் இதில் கிடையாது. இன்னொன்று, சன்னல்களின் அளவு. நாசித்துவாரத்தைவிடச் சிறிய சன்னல்கள், படத்தைச் சுருக்கியதும் தூசியாகிவிடுகின்றன. படத்தை 150 பிக்செல் அகலத்துக்குச் சுருக்கிப் பார்ப்பது என் வழக்கம். அந்த அளவிலும் முகம் முகமாகவும் நகரம் நகரமாகவும் தெரிந்தால்தான் மேற்கொண்டு வேலை செய்வேன்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். பகல் வெளிச்சத்துக்குக் காடு; நகரம்தான் வேண்டுமென்றால் இரவு. பகல் நகரம் கடைசி.

கேமராவிலேயே செய்யலாமா என்றால், செய்யலாம். எனக்கு அது பிடித்த வழியும்கூட. பல எக்ஸ்போஷர்களை ஒரே கோப்பில் சேர்க்கும் வசதி சில கேமராக்களில் உண்டு. கேனான் இஓஎஸ் 5டி மார்க் III அவற்றில் ஒன்று. அதன் மெனுவில் Additive, Average, Bright, Dark என்று நான்கு முறைகள் இருக்கின்றன. பலர் தடுக்கி விழும் இடம் Average. பாதுகாப்பானது போல் தோன்றும். ஆனால் அது இரு படங்களையும் சராசரி பார்ப்பதால் வெள்ளைச் சுவர் வெள்ளையாக நிற்பதில்லை, முகத்துக்கு வெளியேயும் மரங்கள் சாம்பல் நிறத்தில் தெரியும். முகத்துக்குள் மட்டும் காடு வேண்டுமானால் Additive வைக்க வேண்டும். விளக்கு இல்லாதவர்கள் மேகம் மூடிய வானத்துக்கு எதிரே ஆளை நிறுத்தி, வானத்தை அளந்து, அதற்கு மேல் இரண்டு ஸ்டாப் கூட்டி, அதாவது நான்கு மடங்கு வெளிச்சம் விட்டு எடுக்கலாம். அதன் பிறகு காட்டை ஒரு ஸ்டாப் குறைத்து எடுக்க வேண்டும். அந்தக் கேமராவில் முதல் படத்தைத் திரையில் பார்த்தபடியே இரண்டாவதைப் பொருத்த முடியும். மரத்தைக் கண்ணிலிருந்து விலக்க நாமே இரண்டடி நகர்ந்து நிற்கிறோம். அந்தத் தேடலில் கிடைக்கும் எதிர்பாராத பொருத்தங்களைக் கணினியில் நான் கண்டதில்லை. ஆனால் பகல் நகரத்தின் வானத்தைக் கேமராவில் தனியே இறக்க முடியாது. அதனால் நகரம் என்றால் எனக்குக் கணினிதான்.

கணினியில் வேலை செய்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் சுவர் பெரும்பாலும் 235 அளவில்தான் இருக்கும். அதன் மீது மரம் 237 ஆகவும் வானம் 254 ஆகவும் விழும். வேலை செய்யும்போது அது கண்ணில் படாது. அச்சிட்ட பிறகு முகத்துக்கு வெளியே ஆவி போல் ஒரு மரம் நிற்கும். என் முதல் அச்சு அப்படித்தான் வீணானது. Info பலகத்தைத் திறந்து, சுவரின் நான்கு மூலைகளிலும் சுட்டியை வைத்து 255 வருகிறதா என்று பார்த்துவிட்டு, குறைந்தால் Levels மூலம் ஏற்றிய பிறகுதான் இரண்டாம் படத்தைக் கொண்டுவர வேண்டும்.

மாஸ்க்கைக் கடைசியில் தொட்டால் போதும். கண், மூக்கின் ஓரம், உதடு ஆகிய இடங்களில் காட்டை 20 அல்லது 30 சதவீத வலிமை கொண்ட மென்மையான பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குகிறேன். தங்கையின் படத்தில் இமையின் மீது விழுந்த ஒரு கிளையை மட்டும் முழுதாக நீக்கினேன். கண்ணில் கீறல் போல் அது உறுத்தியது.

மிச்சமிருப்பது கழுத்து. காட்டுப் படத்தில் கீழே பனி இருந்ததால் கழுத்து தானாகவே வெள்ளையில் கரைந்து முடிந்தது. நகரத்துக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. கட்டடங்கள் எதன் மீதாவது நிற்க வேண்டும். இரவுப் படத்தில் ஆற்று நீரை வெட்டாமல் விட்டு, விளக்குகளின் நீண்ட பிரதிபலிப்பு கழுத்து நெடுகக் கீழே இறங்கும்படி வைத்தேன். தோள் தொடங்கும் இடத்தில் அந்த ஒளிக்கோடுகள் தேய்ந்து முடிகின்றன. தங்கை தன் அறைச் சுவருக்கு எடுத்துக்கொண்டது அந்தப் படத்தைத்தான்.